1/(1−z) தொடரை வட்டத்துக்கு வெளியே கொண்டுபோகும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

1 + z + z² + z³ + … என்ற பெருக்குத் தொடர் |z| < 1 என்ற வட்டத்துக்குள் மட்டுமே ஒருங்கும். அதன் கூடுதலான 1/(1−z) என்ற சார்புக்கோ z = 1 என்ற ஒரே ஒரு புள்ளியில்தான் தகராறு. z = −1.5 என்று போட்டால் சார்பின் மதிப்பு 0.4. தொடரின் பகுதிக் கூடுதல்கள் 1, −0.5, 1.75, −1.625 என்று ஊசலாடிக்கொண்டே பெருகும். மையத்தை 0-இலிருந்து வேறொரு புள்ளி a-க்கு மாற்றி, அங்கிருந்து புதிதாக விரித்தால் இந்த இடைவெளியைத் தாண்டலாம். செயல்முறை இவ்வளவுதான்:

```
1 − z = (1 − a) − (z − a)

1/(1−z) = 1/(1−a) · 1/(1 − q),     q = (z−a)/(1−a)

        = Σ (z−a)^n / (1−a)^(n+1),   |z−a| < |1−a|
```

பகுதியிலிருந்து (1−a)-வை வெளியே எடுத்ததும் மீதி இருப்பது மறுபடியும் ஒரு பெருக்குத் தொடர். அதன் பொது விகிதம் q. புதிய ஒருங்கு ஆரம் |1−a|, அதாவது a-க்கும் 1-க்கும் இடையிலுள்ள தொலைவு. சூத்திரம் மூன்றே வரிதான், ஆனாலும் கையில் போடும்போதும் கணினியில் போடும்போதும் குறிப்பிட்ட சில இடங்களில் தவறாமல் சிக்குகிறது. எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். எண்முறையில் செய்பவர்கள் மூன்றாவது பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

அறிகுறி 1: விரித்தாயிற்று, ஆனால் பழைய வட்டத்தைத் தாண்டவே இல்லை

பெரும்பாலும் மையம் a = 1/2 என்று எடுக்கப்பட்டிருக்கும். அப்போது ஆரம் |1 − 1/2| = 1/2. புதிய வட்டம் 0-இலிருந்து 1 வரை மட்டும் பரவி, பழைய வட்டத்துக்குள்ளேயே அடங்கி, z = 1-இல் அதை உள்ளிருந்து தொட்டு நிற்கும். விரிவாக்கத்தில் பிழை எதுவும் இல்லை. முறிவுப் புள்ளியை நோக்கி நடந்ததுதான் காரணம். 1-ஐ நெருங்க நெருங்க ஆரம் சுருங்கும்.

மையம் a பழைய வட்டத்துக்குள் இருந்தால், புதிய ஆரம் குறைந்தது 1 − |a| இருக்கும் என்பது எப்போதும் உறுதி. a-இலிருந்து பழைய வட்டத்தின் விளிம்புக்கு உள்ள மிகக் குறைந்த தொலைவு அது. உண்மையான ஆரம் |1−a| இதைவிடப் பெரியதாக இருந்தால்தான் புதிய இடம் கிடைக்கும். இரண்டும் சமமாவது a என்பது 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட மெய்யெண்ணாக இருக்கும்போது மட்டுமே (a = 0-உம் சேர்த்து). ஆகவே 0-ஐயும் 1-ஐயும் இணைக்கும் கோட்டுத்துண்டை விட்டு எங்கே மையம் வைத்தாலும் ஓரளவு ஆதாயம் உண்டு.

a = −1/2 என்று எதிர்ப்பக்கம் வைத்தால் உறுதியான ஆரம் 1/2, கிடைக்கும் ஆரம் 3/2. புதிய வட்டம் −2 முதல் 1 வரை பரவுகிறது. a = i/2 என்று வைத்தால் ஆரம் √1.25 ≈ 1.118. கற்பனை அச்சில் ஏறத்தாழ 1.618i வரை போகலாம்.

அறிகுறி 2: தொடர் ஒருங்குகிறது, ஆனால் மதிப்பு தவறு

முதலில் குறியைப் பாருங்கள். 1 − z-ஐ (1−a) + (z−a) என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. இதில் ஆபத்து என்னவென்றால் z = a-இல் மதிப்பு சரியாகவே வரும், ஒருங்கு ஆரமும் மாறாது. q-வின் குறி மட்டும் புரண்டிருக்கும். மையத்தில் மட்டும் சரிபார்த்தால் இந்தப் பிழை பிடிபடாது.

பழைய வட்டமும் புதிய வட்டமும் மேற்படியும் பகுதியில், மையம் அல்லாத ஒரு புள்ளியில் சரிபார்க்க வேண்டும். a = −1/2 ஆனால் z = 0 வசதியானது, ஏனென்றால் அங்கே பழைய தொடரின் மதிப்பு 1 என்று பார்த்ததும் தெரியும். புதிய தொடரில் முதல் உறுப்பு 2/3, q = (1/2)/(3/2) = 1/3. கூடுதல் (2/3)/(1 − 1/3) = 1. சரி. குறி புரண்டிருந்தால் (2/3)/(1 + 1/3) = 0.5 வரும், பிழை உடனே தெரிந்துவிடும்.

அதன்பின் வெளிப்புள்ளிக்குப் போகலாம். z = −1.5-க்கு q = −1/1.5 = −2/3. கூடுதல் (2/3)/(1 + 2/3) = 0.4. சார்பின் மதிப்போடு பொருந்துகிறது.

அறிகுறி 3: கணினியில் கெழுக்களை மாற்றியபின் 0.4-க்குப் பதில் 4489.5 வருகிறது

மேலே நாம் 1/(1−z) என்ற மூடிய வடிவத்தைப் பயன்படுத்திக்கொண்டோம். நடைமுறையில் பல சமயம் கையில் கெழுக்கள் மட்டுமே இருக்கும், வடிவம் தெரியாது. அப்போது zⁿ-ஐ (a + (z−a))ⁿ என்று எழுதி, ஈருறுப்புத் தேற்றத்தால் விரித்து, (z−a)ᵏ-இன் கெழுவைத் திரட்ட வேண்டும். நம் தொடரில் எல்லாக் கெழுக்களும் 1 என்பதால்:

```
b_k = Σ C(n,k) · a^(n−k),   n = k, k+1, k+2, …
```

இந்தக் கூட்டல் முடிவிலி வரை போகிறது. அதை எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் கோளாறு இருக்கிறது. பழைய தொடரில் z²² வரை 23 உறுப்புகளை எடுத்து, அவற்றை மையம் a-வுக்கு மாற்றி, கிடைத்த 23 புதிய உறுப்புகளையும் கூட்டினால் என்ன வரும்? அதே 22-ஆம் படிப் பல்லுறுப்புக்கோவைதான். மையத்தை மாற்றி எழுதியதால் ஒரு பல்லுறுப்புக்கோவையின் மதிப்பு மாறாது. z = −1.5-இல் அதன் மதிப்பு (1 + 1.5²³)/2.5, அதாவது சுமார் 4489.5. உறுப்புகளை அதிகமாக எடுத்தால் சரியாகும் என்று 40, 60 என்று ஏற்றினால் விடை இன்னும் பயங்கரமாக வீங்கும்.

சரிசெய்ய இரண்டு வெட்டுகளையும் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு b_k-ஐயும் முதலில் கிட்டத்தட்ட முழுமையாகக் கூட்டி முடித்துவிட வேண்டும். இதற்குப் பழைய தொடரிலிருந்து N வரை எடுக்கிறோம். புதிய தொடரில் K உறுப்புகளோடு நிறுத்துகிறோம். N என்பது K-ஐவிடப் பல மடங்கு பெரியதாக இருக்க வேண்டும்.

```python
from fractions import Fraction
from math import comb

a, z = Fraction(-1, 2), Fraction(-3, 2)

def b(k, N):
    return sum(comb(n, k) * a**(n-k) for n in range(k, N+1))

K, N = 23, 120
print(float(sum(b(k, N) * (z-a)**k for k in range(K))))
```

இது 0.40003… என்று தரும். N-ஐ மட்டும் 22 ஆக மாற்றி ஓட்டினால் அந்த 4489.5 வந்து நிற்கும்.

K = 23 என்பதற்குக் கணக்கு உண்டு. z = −1.5-இல் K உறுப்புகளுக்குப் பின் மிஞ்சும் பிழையின் அளவு 0.4 × (2/3)ᴷ. இது 0.00005-க்குக் கீழே வர 23 உறுப்புகள் வேண்டும். N = 120 என்பதைத் தீர்மானிப்பது கடைசிக் கெழு b₂₂. அதன் உண்மை மதிப்பு (2/3)²³, ஏறத்தாழ 0.00009. ஆனால் அதைக் கட்டும் உறுப்புகள் C(n,22)/2ⁿ⁻²² என்ற அளவுடையவை. n சுமார் 44 ஆகும்வரை அவை ஏறிக்கொண்டே போய், பிறகுதான் இறங்கத் தொடங்கும். n = 100-இல்கூட உறுப்பின் அளவு 0.024. அங்கே வெட்டினால் b₂₂-இல் வரும் பிழை அதன் உண்மை மதிப்பைப் போல் சுமார் நூறு மடங்கு. 120 வரை போனால் அந்தப் பிழை பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. |a| = 1/2 என்றால் K-ஐப்போல் ஐந்து, ஆறு மடங்கு N என்பது நம்பகமான தொடக்கம். |a| 1-ஐ நெருங்கினால் இந்த மடங்கு வேகமாக ஏறும். வட்டத்தின் விளிம்போரம் மையம் வைத்தால் ஆதாயம் அதிகம் என்று தோன்றும், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை இதுதான்.

N-ஐயும் உயர்த்திவிட்டோம், K 30-ஐத் தாண்டியதும் விடை மறுபடியும் கெடுகிறது என்றால் காரணம் வேறு. b_k-ஐக் கட்டும் உறுப்புகள் மாறி மாறிக் குறி கொண்டவை. அவற்றின் அளவுகளை மட்டும் கூட்டினால் 2ᵏ⁺¹ வரும். குறியோடு கூட்டினால் (2/3)ᵏ⁺¹. அதாவது பெரிய எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிகச் சிறிய எண் மிஞ்சுகிறது, ஒப்பளவில் 3ᵏ⁺¹ மடங்கு துல்லியம் போகிறது. சாதாரண மிதவைப் புள்ளி எண்ணில் ஏறத்தாழ 16 இலக்கங்கள்தான் உண்டு. 3³³ என்பதே 10¹⁵-ஐத் தாண்டிவிடும். ஆகவே b₃₃ வாக்கில் ஒரு சரியான இலக்கமும் மிஞ்சாமல் போகக்கூடும். மேலே உள்ள நிரலில் `Fraction` வைத்திருப்பது இதற்காகத்தான். பின்னமாகவே கணக்கிட்டால் இந்த இழப்பு கிடையாது. கெழுக்கள் அளவீட்டிலிருந்து வந்தவை, ஐந்தாறு இலக்கம்தான் நம்பத்தகுந்தது என்றால் பின்னமாக மாற்றியும் பயனில்லை. மூலத்தில் இல்லாத இலக்கத்தை எந்தக் கணக்கும் கொண்டுவராது. அப்போது சில கெழுக்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அறிகுறி 4: z = 2-ஐ எட்டவே முடியவில்லை

ஒரே தாவலில் முடியாது. மூல வட்டத்துக்குள் இருக்கும் எந்த a-வுக்கும் 1-ஐவிட 2 தொலைவில்தான் இருக்கும். ஆகவே முறிவுப் புள்ளியைச் சுற்றிக்கொண்டு, வட்டம் வட்டமாக நடக்க வேண்டும். வைர்ஸ்டிராஸ் 19-ஆம் நூற்றாண்டில் பகுமுறைச் சார்புகளைக் கட்டி எழுப்பிய வழி இதுவே: ஒவ்வொரு புதிய மையமும் முந்தைய வட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

மையங்களைக் கண்ணளவில் எடுத்தால் அடிக்கடி விளிம்பில்போய் விழுவோம். 0-க்குப் பிறகு i/2, அதற்குப் பிறகு 1 + i என்று அழகான எண்களை எடுத்துப் பாருங்கள். i/2-இல் ஆரம் |1 − i/2| = 1.118. அங்கிருந்து 1 + i-க்குத் தொலைவு |1 + i/2| = 1.118. சரியாக விளிம்பில் நிற்கிறது, |q| = 1, தொடர் ஒருங்காது. இன்னொரு பொறி கடைசி மையத்தில். அதன் மெய்ப்பகுதி 1.5 என்றால் 1-உம் 2-உம் அதற்குச் சம தொலைவு, எனவே 2 விளிம்பில் விழும். கற்பனைப் பகுதியை எவ்வளவு மாற்றினாலும் இது தீராது. கடைசி மையத்தின் மெய்ப்பகுதி 1.5-ஐத் தாண்டியே ஆக வேண்டும்.

கீழே உள்ள பாதை சரியாக நடக்கும். ஒவ்வொரு மையத்திலும் c என்பது சார்பின் மதிப்பு, அடுத்த புள்ளிக்கான q = (அடுத்தது − a)·c, அடுத்த புள்ளியில் மதிப்பு c/(1−q).

```
a = 0           c = 1                 q = 0.5i             |q| = 0.500
a = 0.5i        c = 0.8 + 0.4i        q = 0.4 + 0.7i       |q| = 0.806
a = 0.75 + i    c = 0.2353 + 0.9412i  q = 0.3882 + 0.7529i |q| = 0.847
a = 1.6 + 0.8i  c = −0.6 + 0.8i       q = 0.4 + 0.8i       |q| = 0.894
z = 2           மதிப்பு = −1
```

ஒவ்வொரு வரியிலும் |q| 1-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முழுச் சோதனையும். கடைசி மையத்தில் ஆரம் |0.6 + 0.8i| = 1, அங்கிருந்து 2-க்குத் தொலைவு 0.894. விளிம்புக்கு நெருக்கமான தாவல் என்பதால் உறுப்புகள் மெதுவாகத்தான் சுருங்கும். நான்கு தசம இலக்கத் துல்லியத்துக்கு அந்த ஒரு தாவலிலேயே 89 உறுப்புகள் கூட்ட வேண்டும். உறுப்புகளைக் கூட்டித்தான் செய்கிறோம் என்றால், இடையில் இன்னொரு மையத்தைச் செருகி |q|-ஐ 0.6 வாக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

விடை −1 என்று வந்ததும் 1 + 2 + 4 + 8 + … = −1 என்று எழுதிவிடக் கூடாது. அந்தத் தொடர் விரியும் தொடர்தான், அதன் பகுதிக் கூடுதல்கள் எல்லை இல்லாமல் ஏறுகின்றன. −1 என்பது, 0-ஐச் சுற்றி அந்தத் தொடர் வரையறுத்த சார்பை 2 வரை நீட்டியபோது கிடைத்த மதிப்பு.

அறிகுறி 5: மேல்வழியாகப் போனால் ஒரு விடை, கீழ்வழியாகப் போனால் வேறு விடை

மேலே உள்ள மையங்களை மெய்யச்சில் பிரதிபலித்து −0.5i, 0.75 − i, 1.6 − 0.8i வழியாகப் போனாலும் 1/(1−z)-க்கு −1 தான் வரும். வேறு வந்தால் கணக்கில் பிழை.

ஆனால் z + z²/2 + z³/3 + … என்ற தொடரை, அதாவது −log(1−z)-ஐ, இதே பாதையில் கொண்டுபோனால் இரண்டு விடை வருவதுதான் சரி. இதன் வகைக்கெழு நம் பெருக்குத் தொடர்தான். அதனால் வகைக்கெழுவை a-இல் விரித்து, உறுப்பு உறுப்பாகத் தொகையிட்டால் போதும்:

```
L(z) = L(a) + Σ (z−a)^(n+1) / ((n+1)·(1−a)^(n+1)),   n = 0, 1, 2, …
```

முன்னால் நிற்கும் L(a)-வை மறந்துவிடுவது இங்கே வழக்கமான பிழை. அதை ஒவ்வொரு மையத்திலும் முந்தைய வட்டத்தின் தொடரைக் கொண்டு கணக்கிட்டுக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். மேல்வழியில் L-இன் கற்பனைப் பகுதி 0-இலிருந்து 0.4636, 1.3258, 2.2143 என்று ஏறி, z = 2-இல் 3.1416-ஐ அடைகிறது. அதாவது L(2) = πi. கீழ்வழியில் −πi. வித்தியாசம் 2πi. முறிவுப் புள்ளியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் மடக்கையில் சேரும் அளவு அது.

இதைச் சரிபார்க்க `-cmath.log(1-2)` என்று ஓட்டுபவர்களுக்குக் கற்பனைப் பகுதி −3.14159 என்று வரும். மேல்வழியாகச் சரியாகக் கணக்கிட்டவர் இதைப் பார்த்துத் தன் விடை தவறு என்று திருத்தப் போய்விடக் கூடாது. நூலகச் சார்பு −1-இன் வீச்சை +π என்று ஒரு மரபுக்காக நிலைநிறுத்தி வைத்திருக்கிறது. நாம் எந்த வழியாக வந்தோம் என்பது அதற்குத் தெரியாது. பாதையோடு கூடிய மதிப்புதான் வேண்டும் என்றால் நம் கணக்கையே நம்ப வேண்டும்.

அறிகுறி 6: எந்த மையம் வைத்தாலும் ஆரம் 1 − |a| மட்டுமே

1/(1−z)-க்கு இது நடக்காது. z + z² + z⁴ + z⁸ + … போன்ற தொடரில் நடக்கும். அதை f(z) என்றால் f(z) = z + f(z²). z மெய்யச்சு வழியே 1-ஐ நெருங்கும்போது f எல்லையின்றி ஏறுகிறது. சமன்பாட்டைப் பாருங்கள்: z² = 1 ஆகும் −1-ஐ நெருங்கும்போதும் அதே கதிதான். அடுத்து i, −i. அடுத்து எட்டாம் படி மூலங்கள். இப்படியே முறிவுப் புள்ளிகள் வட்ட விளிம்பு முழுவதும் இடைவெளி இல்லாமல் நெருங்கி நிற்கின்றன. பெருக்குத் தொடரில் முறிவு ஒரே புள்ளியில் இருந்ததால் அதைச் சுற்றிப் போனோம். இங்கே நுழைய இடமே இல்லை, விளிம்பு முழுவதும் சுவர்.

கெழுக்கள் மட்டும் கையில் இருக்கும்போது இதை எண்முறையில் அடையாளம் காண, ஒரே |a|-வில் பல திசைகளில் மையம் வைத்து, ஒவ்வொன்றிலும் |b_k|-இன் k-ஆம் மூலத்தைப் பெரிய k-க்களுக்குப் பாருங்கள். அவற்றில் மிகப் பெரியவற்றின் தலைகீழ் ஏறத்தாழ ஆரம். |a| = 1/2-இல் எல்லாத் திசையிலும் அது 0.5-ஐ ஒட்டியே நின்றால் பாதையை மாற்றிப் பயனில்லை. ஒரு திசையிலாவது 0.5-ஐவிடத் தெளிவாகப் பெரியதாக வந்தால், அந்தத் திசையில் வழி இருக்கிறது. அடுத்த மையத்தை அங்கே வையுங்கள்.